காரணீயப் பெருக்கமும் இரண்டு தொகையீடுகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கால்குலேட்டரில் 69! வருகிறது. 70! போட்டால் பிழை என்று காட்டுகிறது. கருவி பழுதா?

பழுதில்லை. 69! சுமார் 1.7 × 10^98. 70! என்பது 10^100-ஐத் தாண்டிவிடுகிறது. அடுக்குக்கு அந்தத் திரையில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம். பெருக்கத்தை விட்டுவிட்டு மடக்கைகளைக் கூட்டுங்கள். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே அந்தக் கூட்டலைப் பற்றியவைதான்.

ln n! என்பது ln 1 முதல் ln n வரையிலான கூட்டல் என்பது புரிகிறது. அதை இரண்டு தொகையீடுகளுக்கு நடுவில் அடைப்பது எப்படி? பாடப்புத்தகத்தில் இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள்.

படம் வரைந்துகொண்டு படியுங்கள். ln x ஏறும் சார்பு. x, k−1-க்கும் k-க்கும் இடையில் இருக்கும்போது ln x எப்போதும் ln k-ஐ விடக் குறைவு. எனவே அந்த இடைவெளியில் வளைவரையின் கீழுள்ள பரப்பு, ln k உயரமுள்ள செவ்வகத்துக்குள் அடங்கிவிடும். k = 2 முதல் n வரை இந்தச் செவ்வகங்களை அடுக்கினால் மொத்தம் ln n!. வளைவரையின் கீழ் 1 முதல் n வரையுள்ள பரப்பு அதைவிடக் குறைவு. இது கீழ் வரம்பு.

மேல் வரம்புக்கு அதே செவ்வகங்களை ஓரலகு வலப்பக்கம் தள்ளுங்கள். இப்போது ln k உயரச் செவ்வகம் k-க்கும் k+1-க்கும் நடுவில் நிற்கிறது. வளைவரை அதன் தலைக்கு மேலே போகிறது. n−1 வரை இப்படி நிறுத்தினால், ln (n−1)! அதே பரப்புக்குள் அடங்கும். மிச்சமிருக்கும் ln n-ஐ இருபுறமும் கூட்டுங்கள். தொகையீட்டின் மதிப்பு n ln n − n + 1. ஆக:

```
n ln n − n + 1  ≤  ln n!  ≤  n ln n − n + 1 + ln n
```

n = 10 போடுங்கள். கீழே 14.03, மேலே 16.33. உண்மையான ln 10! 15.10. கணக்கு சரியாக உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு ln n! ≤ n ln n − n + 1 என்று வந்தது. ஆசிரியர் தவறு என்கிறார். பலமுறை சரிபார்த்துவிட்டேன், பிழை தெரியவில்லை.

பலமுறை சரிபார்த்தவர் ஒரு முறை n = 2 போட்டுப் பார்த்திருக்கலாம். இடப்பக்கம் 0.69, வலப்பக்கம் 0.39. செவ்வகத்தை எந்தப் பக்கம் நிறுத்துகிறோம் என்று பார்க்காமல் சமனின்மைக் குறியைப் போட்டிருக்கிறீர்கள். எந்த வரம்பை எழுதினாலும் n = 2 போட்டுப் பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது?

தோராயமாக ln n! ≈ n ln n என்கிறார்கள். அப்படியானால் n! ≈ n^n என்று எழுதலாம்தானே?

கூடாது. மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறீர்கள். நான் விடைத்தாள் திருத்திய காலத்தில் இந்த ஒரு வரிக்கே சிவப்பு மை தீர்ந்திருக்கிறது.

10^10-ஐ 10!-ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 2,750. இரண்டாயிரம் மடங்குக்கு மேல் தவறுவதற்குத் தோராயம் என்று பெயரில்லை. n கூடக்கூட இது மோசமாகும். விகிதம் ஏறக்குறைய e^n வேகத்தில் ஏறுகிறது.

எங்கே வழுக்குகிறீர்கள் என்றால், ln n! ÷ (n ln n) என்ற விகிதம் 1-ஐ நெருங்குகிறது என்பது உண்மை. ஆனால் விகிதம் 1-ஐ நெருங்குவதும் வித்தியாசம் சிறியதாக இருப்பதும் வேறு வேறு. இங்கே வித்தியாசம் சுமார் n. அது வளர்ந்துகொண்டே போகிறது. மடக்கையில் அது வெறும் கழித்தல். மடக்கையை விட்டு வெளியே வந்ததும் e^n என்ற வகுத்தலாகிவிடுகிறது. மடக்கையில் கூட்டல் பிழை, வெளியே பெருக்கல் பிழை: நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அந்த விகிதமும் ஆமை வேகத்தில்தான் 1-ஐ நோக்கிப் போகிறது. n = 100 என்றால் 0.79. பத்து லட்சத்துக்குப் போனாலும் 0.93 தான்.

"சரி, − n-ஐயும் சேர்த்து (n/e)^n என்று எழுதினால்?" என்று அடுத்த கடிதம் வரும். அதுவும் சமமாகாது. மேலே உள்ள வரம்புகளை மடக்கையிலிருந்து வெளியே எடுத்தால், n! என்பது e(n/e)^n-க்கும் அதன் n மடங்குக்கும் நடுவில் இருக்கிறது என்று மட்டுமே தெரிகிறது. 10!-க்கு அந்த எல்லைகள் சுமார் 12 லட்சமும் 1 கோடியே 23 லட்சமும். உண்மை விடை 36 லட்சத்து 28 ஆயிரத்து 800. மடக்கையில் 2.3 அகலமாக இருந்த சந்து, வெளியே வந்ததும் பத்து மடங்கு அகலமாகிவிட்டது.

இந்த வரம்புகளை வைத்து 100!-இல் எத்தனை இலக்கங்கள் என்று சொல்ல முடியுமா?

நல்ல கேள்வி, ஏனென்றால் முடியாது, மயிரிழையில் தவறுகிறது. கீழ் வரம்பு 361.52. பத்தடிமான மடக்கைக்கு மாற்ற 2.3026-ஆல் வகுத்தால் 157.005. மேல் வரம்பு ln 100 கூடி 159.005. ஆக 158 இலக்கமா, 159-ஆ, 160-ஆ?

செவ்வகத்துக்குப் பதில் சரிவகம் வையுங்கள். ln x-இன் வளைவரை மேற்பக்கம் புடைத்தது. அதன் இரு புள்ளிகளை இணைக்கும் நாண் எப்போதும் வளைவரைக்குக் கீழேதான் போகும். சரிவகங்களின் கூட்டுப் பரப்பு ln n! − ½ ln n. அது தொகையீட்டைவிடக் குறைவு என்பதால், மேல் வரம்பில் ln n-க்குப் பதில் ½ ln n போதும். 100!-க்கு அது 158.005. அதாவது 100! என்பது 1.01 × 10^158-க்குள். 160 போய்விட்டது, 159 இன்னும் போகவில்லை.

போக வைப்பது மாறிலி. சரிவகங்கள் தரும் e√n (n/e)^n-இல் முன்னால் நிற்கும் e சற்றுப் பெரியது. n பெரிதாக இருக்கும்போது அங்கே நிற்க வேண்டியது √(2π), அதாவது 2.507. டி மாவ்ர் 1730-இல் இந்த வடிவத்தைக் கண்டுவிட்டார்; மாறிலியை ஒரு தொடரைக் கூட்டித்தான் எண்ணாக எடுத்தார். அது ஓரலகு ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவுடைய வர்க்கமூலம் என்று சொன்னவர் ஸ்டர்லிங். அதை வைத்தால் 100! ≈ 9.32 × 10^157. உண்மை மதிப்பு 9.33 × 10^157. இலக்கங்கள் 158. √(2π) இந்தச் செவ்வகங்களிலிருந்தோ சரிவகங்களிலிருந்தோ வராது. அதற்கு வாலிஸ் பெருக்கம் போல வேறு கருவி வேண்டும்.

கணினி மாணவன். ஆயிரம் எண்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தக் குறைந்தது எத்தனை ஒப்பீடுகள் என்பதற்கு இது உதவுமா?

உதவும். மோசமான நிலையில் குறைந்தது log₂ 1000! ஒப்பீடுகள் தேவை. வரம்புகளை 0.6931-ஆல் வகுத்தால் 8,525-க்கும் 8,535-க்கும் நடுவில். உண்மை மதிப்பு சுமார் 8,529.4, எனவே 8,530-க்குக் குறையாது. மடக்கைக்குள்ளேயே இருப்பதால் முரட்டு வரம்பே இங்கே போதுமானது. n log₂ n என்று மட்டும் எழுதினால் 9,966 வரும். அதைக் கீழ் வரம்பு என்று எழுதிவிடாதீர்கள், அது உண்மையைவிடப் பெரியது.

0-இலிருந்து தொகையிடலாமா? ln 0 இல்லையே.

தொகையிடலாம். பரப்பு முடிவுறுகிறது, கீழ் வரம்பு n ln n − n ஆகும், e மடங்கு தளர்ந்துபோகும். n = 2 போட்டுப் பாருங்கள்.

ln x-இன் தொகையீடு x ln x − x எப்படி? பகுதித் தொகையிடல் மறந்துவிட்டது.

வகையிட்டுப் பாருங்கள்.