சம்பளம் கூடியும் கையைக் கடிப்பது ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

2021 செப்டெம்பரில் என் சம்பளம் 50,000 ரூபாய். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அது 70,000 ரூபாய் ஆனது. உறவினர்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள். ஆனால் அந்த ஆண்டுதான் முதன்முறையாக மாதக் கடைசியில் கடையில் கடன் சொல்ல வேண்டி வந்தது. தவறு என் செலவுப் பழக்கத்திலா? – தனியார் நிறுவன ஊழியர், உப்புவெளி

உங்கள் செலவுப் பழக்கத்தில் தவறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சம்பளச் சீட்டில் அச்சாகும் தொகை பெயரளவுக் கூலி. அந்தத் தொகையைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் எவ்வளவு அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் கைக்கு வருகின்றன என்பதுதான் மெய்க்கூலி. உங்களுக்குக் கூடியது முதலாவது, குறைந்தது இரண்டாவது.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் விலைகள் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 சதவீதம் உயர்ந்திருந்தன. அதாவது முன்பு 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள்களுக்கு அப்போது ஏறத்தாழ 170 ரூபாய் வேண்டியிருந்தது. ஆகவே 70,000 ரூபாயை 1.698 ஆல் வகுத்துப் பாருங்கள். 41,225 ரூபாய் வரும். முந்தைய ஆண்டின் விலையில் சொன்னால், நீங்கள் 50,000 ரூபாய்ச் சம்பளத்திலிருந்து 41,225 ரூபாய்ச் சம்பளத்துக்கு இறக்கப்பட்டிருக்கிறீர்கள். பழைய நிலையிலேயே நிற்பதற்கு மட்டும் உங்களுக்கு 84,900 ரூபாய் தேவைப்பட்டிருக்கும்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. விலை உயர்வான 69.8 இலிருந்து உங்கள் சம்பள உயர்வான 40 சதவீதத்தைக் கழித்து, மெய்க்கூலி 30 சதவீதம் வீழ்ந்துவிட்டது என்று சொல்வார்கள். உண்மையில் வீழ்ச்சி சுமார் 17.5 சதவீதம். பணவீக்கம் ஐந்து, ஆறு சதவீதமாக இருக்கும் காலத்தில் கழித்துப் பார்ப்பது பெரிய பிழையைத் தராது. விலைகள் இவ்வளவு வேகமாக ஏறும்போது வகுத்துத்தான் பார்க்க வேண்டும். முதலாளியிடம் பேசப் போகும்போது 30 என்று சொல்லிவிட்டால், சரியான கணக்கை வைத்திருப்பவர் உங்கள் நியாயமான கோரிக்கையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

சுட்டெண் கொழும்புக்கு உரியது. மூதூரில் வாழும் எங்கள் வீட்டுக்கு அது பொருந்துமா? எங்கள் 50,000 ரூபாய் வருமானத்தில் 30,000 ரூபாய் சாப்பாட்டுக்கே போனது. – இல்லத்தரசி, மூதூர்

தேவையான கேள்வி இது. நாடு முழுவதற்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணையும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடுகிறது. 2022 செப்டெம்பரில் அது காட்டிய பணவீக்கம் 73.7 சதவீதம். ஆனால் அதுவும் ஒரு சராசரிக் குடும்பம் வாங்கும் பொருள்களின் கூடைதான், உங்கள் கூடை அல்ல. அந்த மாதம் கொழும்புச் சுட்டெண்ணில் உணவின் விலை 94.9 சதவீதமும் உணவல்லாதவற்றின் விலை 57.6 சதவீதமும் ஏறியிருந்தன. நீங்கள் எழுதியபடி 50,000 ரூபாயில் 30,000 ரூபாய் உணவுக்குப் போயிருந்தால், உணவின் பங்கு 60 சதவீதம். அப்படியானால் உங்கள் வீட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 80 சதவீதம் ஆகிறது. மேலே எழுதிய உப்புவெளி வாசகரின் 70,000 ரூபாய் உங்கள் வீட்டில் 38,900 ரூபாய்க்குத்தான் பெறுமதி. வருமானம் குறைந்த வீட்டில் உணவின் பங்கு பொதுவாகப் பெரிது. ஆகையால் உணவு விலை முன்னே ஓடும் காலத்தில், ஒரே சதவீதச் சம்பள உயர்வு ஏழை வீட்டில் குறைவாகவே நிற்கும்.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே எடுக்கலாம். வழக்கமாக வாங்கும் பன்னிரண்டு, பதினைந்து பொருள்களை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொரு மாதமும் அதே கடையில், அதே அளவுக்கு, அதே தரத்துக்கு என்ன விலை என்று குறித்து வாருங்கள். மொத்தச் செலவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். நீங்கள் அனுப்பிய கடைக்கொப்பியின் படத்தில், ஒரு பக்கத்தில் சம்பாவும் பாரையும் இருக்கின்றன, சில மாதங்கள் கழிந்த பக்கத்தில் நாட்டரிசியும் சாளையும் இருக்கின்றன, பால்மாவைக் காணவே இல்லை. கூட்டுத்தொகை அதிகம் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டுத்தொகை மாறாமல் இருந்ததற்குக் காரணம் விலை நின்றது அல்ல, நீங்கள் தட்டிலிருந்து குறைத்துக்கொண்டது. அந்தக் கொப்பியைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. மெய்க்கூலியின் வீழ்ச்சி முதலில் தெரிவது இத்தகைய பக்கங்களில்தான்.

2023 இல் பணவீக்கம் குறைந்துவிட்டது என்றார்கள். எங்கள் நிறுவனம் அந்த ஆண்டு 10 சதவீதம் உயர்வு தந்து, பணவீக்கத்தைவிடப் பல மடங்கு கொடுத்துவிட்டோம் என்கிறது. ஆனால் நாங்கள் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம். யார் சொல்வது சரி? – சீனக்குடா

இருவர் சொல்வதும் சரி. இருவரும் எண்ணத் தொடங்கும் ஆண்டுதான் வேறு.

2023 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கியது. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தால் விலை திரும்பி வந்துவிடாது; ஏறிய இடத்திலிருந்து மெல்ல ஏறும், அவ்வளவே. 2021 செப்டெம்பரில் 100 ஆக இருந்த விலைமட்டம் 2022 இல் 169.8 ஆகி, 2023 இல் சுமார் 172 இல் நின்றது. முதல் கேள்வி கேட்டவருக்கும் இதே 10 சதவீதம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அவருடைய சம்பளம் 77,000 ரூபாய் ஆகிறது, 1.72 ஆல் வகுத்தால் 44,770 ரூபாய் அளவில் வரும். 2022 ஐ அடிப்படையாக வைத்தால், 41,225 இலிருந்து இது தெளிவான முன்னேற்றம்; நிறுவனம் காட்டுவது இதைத்தான். 2021 ஐ அடிப்படையாக வைத்தால், 50,000 ஐ எட்ட இன்னும் ஐயாயிரத்துக்கு மேல் பாக்கி. பழைய நிலையை மீட்க 86,000 ரூபாய், அதாவது 70,000 ரூபாயின் மேல் ஏறத்தாழ 23 சதவீத உயர்வு வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு இழப்பும் மறைந்திருக்கிறது. விலை மாதந்தோறும் ஏறுகிறது, சம்பளமோ ஆண்டுக்கு ஒருமுறைதான் ஏறுகிறது. இடைப்பட்ட மாதங்களில் பழைய சம்பளத்தோடு புதிய விலைக்கு வாங்கிய இழப்பை, பின்னால் வரும் முழுமையான உயர்வுகூடத் திருப்பித் தராது. நிலுவையாகக் கணக்கிட்டுத் தந்தால்தான் உண்டு. எனவே பேச்சுவார்த்தையில் சதவீதத்தைப் பற்றி வாதாடுவதற்கு முன், எந்த மாதத்தை அடிப்படையாக எடுப்பது என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்து, எரிபொருளும் மூலப்பொருளும் விலையேறியபோது, அவற்றை வாங்கி உள்ளூரில் விற்ற பல நிறுவனங்களின் வருமானம் விலைமட்டத்தோடு ஒத்து ஏறவில்லை. முழு ஈட்டையும் ஒரே ஆண்டில் கேட்டால் ஆட்குறைப்பு வரக்கூடிய இடங்களும் உண்டு. அத்தகைய இடத்தில், இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய மெய்க்கூலியை எட்டுவதற்கான படிகளை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்பது நடைமுறைக்கு ஏற்றது.

பணவீக்கத்தால் சம்பளக்காரருக்கு ஒரு நன்மையும் இல்லையா? – கிண்ணியா

மாறாத வட்டியில் கடன் வாங்கியவருக்கு ஓரளவு உண்டு. மாதம் 12,000 ரூபாய்த் தவணை 50,000 ரூபாய்ச் சம்பளத்தில் 24 சதவீதம்; 70,000 ரூபாய்ச் சம்பளத்தில் அது 17 சதவீதம்தான். ஆனால் உங்கள் கடன் பத்திரத்தில் வட்டி மாறக்கூடியது என்றிருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது; மாறும் வட்டிக்கு வாங்கியிருந்தவர்களின் தவணையும் அதைத் தொடர்ந்து ஏறியது. பத்திரத்தை எடுத்து அந்த ஒரு வரியை முதலில் வாசியுங்கள்.