சிவப்பு மூடி டிரிப்பர்: படத்தை வைத்து அடையாளம் காண்பதும் அதற்குப் பொருந்துவதை வாங்குவதும்

கேள்வி: மாடித் தோட்டத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் வாங்கிய சொட்டு நீர் கிட்டில் வந்த நாசில் இது. படம் இணைத்திருக்கிறேன். எட்டு பத்து உடைந்துவிட்டன. இதன் பெயர் என்ன? கடையில் இதே மாதிரி இருக்கிறதே என்று வாங்கி வந்தால் டியூபில் நிற்காமல் கழன்று விழுகிறது. சரியானதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

படத்தில் இருப்பது அட்ஜஸ்டபிள் டிரிப்பர். சில கடைகளில் எட்டு ஓட்டை டிரிப்பர் என்றும் சொல்வார்கள். கறுப்பு உடம்பு, மேலே திருகும் சிவப்பு மூடி, மூடியின் விளிம்பைச் சுற்றி எட்டுச் சின்னப் பள்ளம். இவை மூன்றும் தெரிவதால் பெயரில் சந்தேகமில்லை. மூடியைத் திருகத் திருக, சொட்டாக விழும் நீர் எட்டுக் கம்பியாகப் பிரிந்து ஓடும். உங்களுடையது குச்சியோடு வந்த வகை. மண்ணில் குத்தும் குச்சி கீழே இருக்கிறது, டியூப் மாட்டும் முனை பக்கவாட்டில் இருக்கிறது. குச்சி இல்லாமல் அடியிலேயே முனை உள்ள வகையும் உண்டு. அது 16 மில்லிமீட்டர் லேட்டரல் பைப்பில் பஞ்ச் போட்டு நேராகக் குத்துவதற்கானது, உங்களுக்கு வேண்டாம்.

பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் பெயரைச் சொல்லி வாங்கியதுதானே கழன்று விழுந்தது! படம் உருவத்தைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. இதே அச்சில், இதே சிவப்பு மூடியோடு, இரண்டு அளவு சந்தையில் ஓடுகிறது. உள்ளே 4, வெளியே 7 மில்லிமீட்டர் உள்ள டியூபுக்கு ஒன்று. உள்ளே 3, வெளியே 5 உள்ள மெல்லிய டியூபுக்கு இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் எனக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று வருஷம் முன்னால் நானும் படத்தை மட்டும் பார்த்து ஆன்லைனில் 25 வாங்கினேன். வந்ததெல்லாம் சின்ன அளவு. இன்றும் ஒரு டப்பாவில் சும்மா கிடக்கின்றன.

புதிதாக வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். டியூபின் நுனியை வெட்டிப் பாருங்கள். இரண்டு வருஷம் மொட்டை மாடி வெயிலில் கிடந்த டியூபில், டிரிப்பர் மாட்டியிருந்த நுனி மட்டும் புனல் மாதிரி விரிந்து அப்படியே இறுகிப் போயிருக்கும். அதில் சரியான அளவு டிரிப்பரை மாட்டினாலும் நிற்காது. கத்தியால் நுனியில் ஒன்றரை அங்குலத்தை நேராக வெட்டி எறிந்துவிட்டு, புது நுனியில் கடையில் வாங்கியதை மாட்டிப் பாருங்கள். திருகித் திருகி அழுத்தினால்தான் ஏற வேண்டும், இரண்டு விரலால் இழுத்தால் வரக்கூடாது. அப்படி நின்றால் நீங்கள் வாங்கியது சரியான அளவுதான், தப்பு டியூபின் மேல். சும்மா வைத்ததும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அது 3 மில்லிமீட்டர் ரகம்.

அளப்பதற்கு வெர்னியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. டிரில் பிட் இருந்தால் போதும், அளவு அதிலேயே பொறித்திருக்கும். 4 மில்லிமீட்டர் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தைப் புதிதாக வெட்டிய டியூபுக்குள் விடுங்கள். இடைவெளி இல்லாமல் மெதுவாகப் போனால் உங்களுடையது 4/7. அது போகவில்லை, 3 மட்டும் போகிறது என்றால் 3/5. ஒன்று மட்டும் கவனியுங்கள்: டியூப் மென்மையானது, பலமாக அழுத்தினால் பெரிய பிட்டும் உள்ளே போய்விடும். வெந்நீரில் நனைத்த டியூபில் அளக்கவே கூடாது.

கடைக்குப் போனால் பேச்சில் அளவு சொல்லாதீர்கள். ஒரு கடையில் டியூபை உள் விட்டத்தால் சொல்வார்கள், அடுத்த கடையில் வெளி விட்டத்தால் சொல்வார்கள். 4 எம்எம் என்று கேட்டு வெளியளவு 4 உள்ள நூல் மாதிரி மைக்ரோ டியூபைக் கொண்டு வந்த கதையும் உண்டு. இரண்டு அங்குல டியூபும் உடையாத ஒரு டிரிப்பரும் சட்டைப் பையில் இருக்கட்டும், கவுண்டரிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். ஆன்லைன் என்றால் தேடும்போதே அளவையும் சேர்த்துத் தட்டுங்கள்:

```
8 hole adjustable dripper with stake 4/7 mm
```

பொருளின் விவரத்தில் இந்த அளவு எழுதியிருக்கவில்லை என்றால், படம் எவ்வளவு ஒத்துப்போனாலும் வாங்காதீர்கள்.

அப்புறம், யாரிடமாவது படம் அனுப்பிக் கேட்பதாக இருந்தால் இப்போது எடுத்த மாதிரி கையில் பிடித்து எடுக்க வேண்டாம். டிரிப்பரைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஸ்கேலை வையுங்கள். ஸ்கேல் இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயம், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். போனை ஓரடிக்கு மேல் தூரத்தில் நேர் மேலே பிடித்து ஜூம் செய்து எடுங்கள். மிக அருகில் எடுத்தால் போனுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் சற்றுத் தள்ளியிருப்பது சின்னதாகவும் விழுந்து, அளவு கெட்டுவிடும். முனையை மட்டும் பக்கவாட்டில் இன்னொரு படம். உடம்பில் மேடாக எழுத்து இருந்தால் கோலமாவைத் தூவி மேலாகத் துடையுங்கள், எழுத்தின் ஓரங்களில் மாவு நின்று படிக்க வரும்.

அளவு முடிந்தது. அடுத்தது நீரின் அழுத்தம். இதைத்தான் கடையில் யாரும் கேட்பதில்லை. எட்டு பத்து டிரிப்பர் வாங்கும்போது கடைக்காரர், "இது எதுக்கு சார், பிரஷர் காம்பன்சேட்டிங் டிரிப்பர் போடுங்க, எல்லாச் செடிக்கும் ஒரே அளவு தண்ணி விழும்" என்று நல்ல மனதோடுதான் சொல்வார். வயலில் மோட்டார் அழுத்தத்தில் அவர் சொல்வது உண்மை. அந்த டிரிப்பருக்குள் ஒரு ரப்பர் தகடு இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யப் பெரும்பாலும் அரை பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார். உங்கள் படத்தின் ஓரத்தில் தெரியும் தண்ணீர்த் தொட்டி, அதே மாடியில் ஒரு மேடை மேல் நிற்கிறது. நீர்மட்டத்துக்கும் தொட்டிச் செடிக்கும் இடையே இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கால் பார்தான் கிடைக்கும். காம்பன்சேட்டிங் ரகத்துக்கு அது போதாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சொட்டும், சில சொட்டவே சொட்டாது. பனி மாதிரி தெளிக்கும் பித்தளை மிஸ்ட் நாசில் என்றால் நிலைமை இன்னும் மோசம். கால் பாரில் தெளிக்காது, மூக்கிலிருந்து ஒழுகும்.

சாதாரண டிரிப்பர் கால் பாரிலும் ஓடும், ஆனால் அட்டையில் போட்ட அளவுக்கு ஓடாது. அட்டையில் மணிக்கு 4 லிட்டர் என்று இருந்தால் அது பொதுவாக ஒரு பார் அழுத்தத்தில் அளந்தது. அழுத்தம் கால் பங்கானால் ஓட்டம் கால் பங்காகாது, சுமாராகப் பாதியாகும், ஏனென்றால் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது. ஆக உங்கள் மாடியில் அது மணிக்கு 2 லிட்டர். அட்ஜஸ்டபிள் ரகத்தில் மணிக்கு 0 முதல் 70 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். கால் பாரில் முழுக்கத் திறந்தாலும் உங்களுக்கு 35 வந்தால் அதிகம். நடைமுறையில் அதுகூட வராது, நீளமான மெல்லிய டியூபே பாதியைத் தின்றுவிடும். உங்களுக்கு ஆகப் பொருத்தமானது இப்போது இருக்கும் ரகமேதான் என்பது என் கருத்து. ஓட்டை பெரிது, குறைந்த அழுத்தத்தில் ஓடும், அடைத்தால் மூடியைக் கழற்றி ஊதிவிடலாம்.

புதிதாகப் பத்து மாட்டிய பிறகு பழையதோடு சேர்த்துச் சரிபாருங்கள். வேறு கம்பெனி அச்சில் வந்த மூடி அதே ஒன்றரைச் சுற்றுக்கு வேறு அளவு தண்ணீர் விடும், எனவே கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரு டம்ளரை வைத்து மூன்று நிமிஷம் பிடியுங்கள். 100 மில்லி விழுந்தால் மணிக்கு 2 லிட்டர், 200 விழுந்தால் 4. தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, பாதியான பிறகு ஒரு தடவை பிடித்தால் எவ்வளவு குறைகிறது என்பதும் தெரியும். முதலில் கடைசிச் செடியில் தொடங்குங்கள், தண்ணீர் வந்து சேரத் தடுமாறுவது அங்கேதான். அதை வேண்டிய அளவுக்குத் திறந்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஒன்றைக் குறைத்தால் மற்றவை கொஞ்சம் கூடும், ஆகவே இரண்டு சுற்று போக வேண்டியிருக்கும். என் மாடியில் 24 பைகளுக்கு இதைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போனது. அதன் பிறகு கடைசி வரிசைத் தக்காளி வாடவில்லை.

உடைந்ததாக நீங்கள் சொல்பவற்றில் எத்தனை நிஜமாகவே உடைந்தவை என்றும் பாருங்கள். சிவப்பு மூடி வெயிலில் நொறுங்கியிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். தண்ணீர் வரவில்லை என்பதால் ஒதுக்கியவை என்றால் போர் தண்ணீரின் உப்பு படிந்திருக்கலாம். மூடிக்குள் வெள்ளையாகச் சொரசொரவென்று இருக்கும். வினிகரில் ஓர் இரவு ஊறப் போட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலானவை தேறிவிடும். ஊசியால் குத்தாதீர்கள், பள்ளம் கீறிப் பெரிதாகி அந்த ஒரு பக்கம் மட்டும் பீறிடும். பச்சையாக வழவழவென்று இருந்தால் அது பாசி, உப்பு இல்லை. அதற்கு வினிகர் உதவாது. டியூப் ஒளி ஊடுருவும் ரகமா என்று பாருங்கள், அப்படியென்றால் கறுப்பு டியூபுக்கு மாற்றாமல் பாசி நிற்காது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் இடத்தில் 120 மெஷ் ஃபில்டர் ஒன்று இல்லையென்றால் டிரிப்பரோடு சேர்த்து அதையும் வாங்கி வந்துவிடுங்கள்.

எத்தனை வாங்குவது? பத்து தேவையென்றால் பதினைந்து. இதே அச்சு அடுத்த வருஷமும் கடையில் இருக்கும் என்று நம்ப முடியாது.