மிச்சம் யாருக்கு?

அன்புள்ள ஐயா,
எங்கள் ஊர்ப் பால் சங்கத்தைவிடத் தனியார் நிறுவனம் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலாகத் தருகிறது, பணமும் தவறாமல் வருகிறது. சங்கத்திலோ நிலுவை. இதில் ‘சங்கம் நம்முடையது’ என்பதற்கு என்ன பொருள்?
– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

நாளுக்கு 8 லிட்டர் ஊற்றும் வீட்டுக்கு அந்த 2 ரூபாய் மாதம் 480 ரூபாய். மாட்டுத் தீவனம் விற்கிற விலையில் அதை வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மாட்டேன்.

ஆனால், நிறுவனத்துக்கு உங்கள் பாலின் விலை ஒரு செலவு. போட்டிக்குச் சங்கம் இருக்கும்வரை அது கூடும். சங்கம் படுத்துவிட்டால் கூட்ட வேண்டிய அவசியம் இல்லை. எல்லாச் செலவும் போக மிஞ்சுவது பங்குதாரருக்கு. அவர் வீட்டில் மாடு இருக்க வேண்டியதில்லை. 2014இல் ஹைதராபாத்தின் திருமலா பால் நிறுவனத்தைப் பிரான்சின் லாக்டாலிஸ் வாங்கியது. விற்ற பணம் பங்கு வைத்திருந்தவர்களுக்குப் போனது. காலையும் மாலையும் பால் ஊற்றி அந்த நிறுவனத்தை வளர்த்தவர்களுக்கு, ஊற்றியவர்கள் என்ற முறையில் அதில் உரிமை கிடையாது.

சங்கத்தில் மிச்சத்தைப் பிரிக்கும் அளவுகோல் பால். லிட்டருக்கு 1 ரூபாய் போனஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் 2,400 லிட்டர் ஊற்றியவருக்கு 2,400 ரூபாய். 12,000 லிட்டர் ஊற்றியவருக்கு 12,000. ஆனால் தேர்தலில் இருவருக்கும் ஒரே வாக்குதான். பங்குத்தொகையைச் சந்தையில் விற்று லாபம் பார்க்க முடியாது என்பதால், மாடு இல்லாதவர் பணம் போட்டுச் சங்கத்தை வளைத்துவிடவும் முடியாது.

குஜராத்தின் கேடா மாவட்ட விவசாயிகள் இதைப் பட்டு அறிந்தவர்கள். பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை போல்சன் நிறுவனத்திடம் இருந்தது; அது சொன்னதுதான் விலை. கூடுதல் விலை கேட்டுக் கெஞ்சுவதை விட்டு, பால் கொடுப்பதையே நிறுத்தினார்கள். 1946இல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் தங்கள் கூட்டுறவுப் பால் ஒன்றியத்தைப் பதிவு செய்தார்கள். பின்னாளில் அமுல் ஆனது அதுதான். பதப்படுத்தும் ஆலை யார் கையில் இருக்கிறதோ அவரே விலையைத் தீர்மானிக்கிறார் என்று கண்டு, தமக்கென ஓர் ஆலையையே அமைத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் இந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடுவது எனக்கு ஆற்றாத வருத்தம். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் பல ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர்களின் கையில் இருந்திருக்கின்றன. மாடு விற்றுப் பல காலம் ஆனவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் தொடர்வதும், உறுப்பினர் பேரவைக் கூட்டம் கையெழுத்துப் பதிவேட்டில் மட்டும் நடப்பதும் சங்கம் கைமாறிவிட்டதன் அடையாளங்கள்.

உங்கள் நிலுவைக்கு வருகிறேன். அடுத்த பேரவையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சங்கத்திடம் பால் வாங்கும் மாவட்ட ஒன்றியத்திலிருந்து பணம் எந்தத் தேதியில் சங்கக் கணக்குக்கு வந்தது, எந்தத் தேதியில் பட்டுவாடா ஆனது? ஒன்றியமே தாமதித்திருந்தால் தீர்மானம் போட்டு அங்கே அனுப்புங்கள். இடைவெளி சங்கத்திலேயே இருந்தால் வரவுசெலவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தனியார் கொள்முதல் நிலையத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு இடமே இல்லை.