எக்ஸிட் இன்டர்வியூ எந்தக் கட்டத்துக்குச் சொந்தம்?

பெங்களூரு அல்சூரில் ஞாயிறு காலை நடக்கும் எங்கள் யு.ஜி.சி. நெட் தேர்வு வகுப்பில் பாதிப் பேர் ஐடி கம்பெனிகளில் ஹெச்.ஆர். வேலை பார்ப்பவர்கள். மீதிப் பேர் இப்போதுதான் எம்பிஏ முடித்தவர்கள். எம்ப்ளாயி லைஃப் சைக்கிள் என்பது ஒரு பணியாளர் கம்பெனியில் கடக்கும் ஆறு கட்டங்கள்: ஈர்ப்பது, ஆள் எடுக்கும் ரெக்ரூட்மென்ட், ஆன்போர்டிங், டெவலப்மென்ட், தக்கவைக்கும் ரிடென்ஷன், விலகும் செபரேஷன். அந்தப் பாடம் முடிந்ததும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், ஆன்போர்டிங்கும் ஆர்கனைசேஷனல் சோஷியலைசேஷனும் ஒன்றுதானே? எங்கள் ஆபீஸில் இரண்டையும் சேர்த்து 'இண்டக்‌ஷன்' என்றே சொல்கிறோம். — கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு வாசகி

ஆபீஸில் அப்படிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தேர்வில் 2 மதிப்பெண் போய்விடும்.

இண்டக்‌ஷன் என்பது சில நாள் நிகழ்ச்சி. விதிமுறைகள், லீவு, பி.எஃப். படிவம், ஆபீஸைச் சுற்றிக் காட்டுவது, அவ்வளவுதான். ஆன்போர்டிங் என்பது நிறுவனம் திட்டம் போட்டுச் செய்யும் நீண்ட வேலை. ஆஃபர் லெட்டரை ஏற்றதிலிருந்து, புதியவர் தானாக வேலையைத் தூக்கிச் செய்யும் வரை, சில வாரங்களோ பல மாதங்களோ ஓடும். சோஷியலைசேஷன் அந்த ஆளுக்குள் நடக்கும் மாற்றம். இங்கே எது சரி, எது தப்பு, யாரிடம் எப்படிப் பேசலாம், தன் வேலையின் எல்லை எது என்று அவர் கற்றுக்கொள்வது. ஆன்போர்டிங் நடக்காத இடத்திலும் சோஷியலைசேஷன் நடக்கும். கேன்டீனில் சீனியர் ஒருவர் சொல்லிக் கொடுப்பதும் அதுதான், தப்பாகச் சொல்லிக் கொடுத்தாலும்கூட.

கேள்வியில் 'நிறுவனம் எடுக்கும் நடவடிக்கை' என்ற தொனி இருந்தால் ஆன்போர்டிங். 'பணியாளர் மதிப்புகளையும் நடத்தை நெறிகளையும் உள்வாங்குகிறார்' என்றால் சோஷியலைசேஷன்.

சோஷியலைசேஷன் ஆன்போர்டிங்குக்குப் பிறகுதானே வரும்? ஒரு மாதிரித் தேர்வில் அதை ஆட்கள் தேர்வுக் கட்டத்திலேயே போட்டிருந்தார்கள். அச்சுப் பிழையா? — ஜாலஹள்ளி வாசகர்

பிழை இல்லை. ஃபெல்ட்மன் என்ற ஆய்வாளர் 1976-ல் சோஷியலைசேஷனை மூன்று கட்டமாகப் பிரித்தார். முதல் கட்டம் 'ஆன்டிசிபேட்டரி', அதாவது சேர்வதற்கு முன்பே நடப்பது. பாடநூல்களில் இதையே 'ப்ரீ அரைவல்' என்றும், அடுத்த இரண்டை 'என்கவுன்டர்', 'மெட்டமார்ஃபோசிஸ்' என்றும் பார்ப்பீர்கள்.

நம் ஊர் ஐடி வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ் பீரியட். அந்த மூன்று மாதத்தில் புதிய கம்பெனியைப் பற்றி நண்பர்களிடம் விசாரிக்கிறோம், இன்டர்வியூவில் மேனேஜர் சொன்னதை மனதில் ஓட்டிப் பார்க்கிறோம், ஒரு படம் வரைந்துகொள்கிறோம். அதுதான் ப்ரீ அரைவல். சேர்ந்த பிறகு அந்தப் படம் நிஜத்தோடு மோதுவது என்கவுன்டர். மோதலைச் சரிசெய்துகொண்டு அந்த இடத்து ஆளாக மாறுவது மெட்டமார்ஃபோசிஸ். ஆக, லைஃப் சைக்கிளில் சோஷியலைசேஷன் ஒரே கட்டத்துக்குள் அடங்காது. ரெக்ரூட்மென்ட்டில் தொடங்கி, ஆன்போர்டிங்கில் உச்சத்துக்கு வந்து, டெவலப்மென்ட் வரை நீளும். 'முதன்மையாக எந்தக் கட்டம்' என்று கேட்டால் மட்டும் ஆன்போர்டிங் என்று குறியுங்கள்.

புதியவர்களை சோஷியலைஸ் செய்ய வான் மானென், ஷைன் என்ற ஆய்வாளர்கள் சொன்ன ஆறு ஜோடி உத்திகளில் கடைசி இரண்டு ஜோடியும் எனக்குக் குழம்புகிறது. — பெயர் வேண்டாம் என்றவர்

எல்லோருக்கும் அதே இரண்டுதான் குழம்பும். 1979-ல் வந்த வகைப்பாடு அது. 'சீரியல்' என்றால் அதே வேலையைப் பார்த்த அனுபவசாலி ஒருவர் புதியவரைக் கைபிடித்து நடத்துகிறார். 'டிஸ்ஜங்க்டிவ்' என்றால் முன்னோடியே கிடையாது, புதிதாக உருவான பதவிக்கு வந்தவர் தானே வழி தேட வேண்டும். 'இன்வெஸ்டிச்சர்' என்றால் நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே வா என்று ஏற்பது. 'டைவெஸ்டிச்சர்' என்றால் பழைய அடையாளத்தைக் கழற்றி வைக்கச் சொல்வது. ராணுவப் பயிற்சியில் முதல் நாளே முடி வெட்டுவதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

எக்ஸிட் இன்டர்வியூ செபரேஷன் கட்டத்தில் வரும். அப்படியிருக்க அதன் நோக்கம் ரிடென்ஷன் என்று விடை கொடுத்திருக்கிறார்கள். எதைக் குறிப்பது? — எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு ஹெச்.ஆர். ட்ரெயினி

இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறீர்கள். எப்போது நடக்கிறது என்று கேட்டால் செபரேஷன். எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டால், இருக்கப்போகிறவர்களைத் தக்கவைக்க. போகிறவரை மனம் மாற்றுவது அதன் வேலை இல்லை. இருப்பவரிடமே 'எதனால் இங்கே இருக்கிறீர்கள், எது உங்களைக் கிளம்ப வைக்கும்' என்று கேட்பது ஸ்டே இன்டர்வியூ. அது நேராகவே ரிடென்ஷன் கட்டம்.

இதோடு ஒரு கேஸ் கேள்வியும் அடிக்கடி வரும். வகுப்பில் நான் கொடுத்ததையே சொல்கிறேன். சேலத்திலிருந்து வந்த ஒரு பையன் சப்போர்ட் வேலையில் சேர்கிறான். விளம்பரத்தில் 'சுழற்சி முறை ஷிஃப்ட்' என்றிருந்தது. முதல் நாளே லேப்டாப், ஐடி கார்டு கிடைத்தன. மூன்று நாள் இண்டக்‌ஷன், கூடவே வழிகாட்ட ஒரு சக ஊழியர். எல்லாம் ஒழுங்கு. இரண்டாவது வாரத்திலிருந்து நைட் ஷிஃப்ட் மட்டும்தான் வருகிறது. அந்தப் பதவிக்கு எப்போதுமே அப்படித்தானாம். ஐந்தாவது மாதம் ராஜினாமா. கடைசி நாள் எக்ஸிட் இன்டர்வியூவில் 'மேற்படிப்பு' என்கிறான். எந்தக் கட்டத்தை நிறுவனம் திருத்த வேண்டும்?

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஆன்போர்டிங் என்றார்கள். சீக்கிரம் போய்விட்டான், அதனால் வரவேற்பில் குறை என்ற கணக்கு. ஆனால் வரவேற்பில் குறையே இல்லை. வேலையின் கஷ்டத்தைச் சேரும் முன்பே உள்ளபடி காட்டவில்லை. அதற்கு 'ரியலிஸ்டிக் ஜாப் ப்ரிவியூ' என்று பெயர், இடம் ரெக்ரூட்மென்ட். என்கவுன்டரில் வெடித்தது, ப்ரீ அரைவலில் வைத்த வெடி. இதே பையனுக்கு நைட் ஷிஃப்ட் முன்பே தெரிந்திருந்து, ஆனால் யாரிடம் ரிப்போர்ட் செய்வது, எந்தப் புகார் டிக்கெட் தன்னுடையது என்றே ஐந்து மாதமாகப் புரியவில்லை என்றால், அப்போது விடை ஆன்போர்டிங். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: சேரும் முன்பே சொல்லியிருக்கக்கூடிய விஷயமா, சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொடுக்கக்கூடிய விஷயமா என்று கேளுங்கள்.

சரி, 'மேற்படிப்பு' என்று ஏன் சொன்னான்? ரிலீவிங் லெட்டரும் கடைசி செட்டில்மென்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அடுத்த கம்பெனி பழைய மேனேஜருக்குத்தான் போன் போடும். ஹெச்.ஆரில் இருந்த வருடங்களில் நானே எத்தனையோ 'சொந்தக் காரணம்' எழுதியிருக்கிறேன். நான் வெளியேறியபோதும் அதையேதான் சொன்னேன்! அதனால் எக்ஸிட் இன்டர்வியூவின் குறை என்ன என்று கேட்டால், நேர்மையான பதில் கிடைப்பது கடினம் என்பதே முதல் விடை. நேரடி மேனேஜர் அதை நடத்தாமல் ஹெச்.ஆரோ வெளியாளோ நடத்துவதும், செட்டில்மென்ட் முடிந்த சில மாதம் கழித்து மறுபடி கேட்பதும் இதற்காகத்தான். ஒருவர் பதிலை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. ஒரே டீமிலிருந்து நான்கு பேர் 'மேற்படிப்பு' என்று போனால், அந்த டீமில் ஏதோ இருக்கிறது.

போனவரே இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தால்? — அதே ட்ரெயினி

அவருக்கு 'பூமராங் எம்ப்ளாயி' என்று பெயர். வெளியே இருந்த காலத்தை, ஆறு கட்டத்துக்கு மேல் போகும் மாதிரிகளில் 'அலம்னை' என்று தனிக் கட்டமாக வைப்பார்கள். திரும்ப வரும்போது ரெக்ரூட்மென்ட்டிலிருந்து மறுபடி கணக்கு. இண்டக்‌ஷனைச் சுருக்கலாம். ஆன்போர்டிங்கே வேண்டாம் என்ற விடையைக் குறிக்காதீர்கள், மேனேஜரும் மாறியிருப்பார், கேன்டீன் சீனியரும் மாறியிருப்பார்.