மைனஸ் எட்டு ஏன் சின்னது?

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு முழுக்கள் நடத்துகிறேன். லிஃப்ட், வெப்பநிலை இரண்டையும் சொல்லித்தான் ஆரம்பித்தேன். ஆனாலும் −3, −8 இரண்டில் எது பெரியது என்றால் பாதிப் பிள்ளைகள் −8 என்கிறார்கள். 3 − (−2) வந்தால் எல்லோருமே திணறுகிறார்கள். எங்கள் ஊரில் லிஃப்ட் கிடையாது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் சிக்கல் கணக்கில் இல்லை, நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. வெப்பநிலை என்றதும் “எங்கே குளிர் அதிகம்?” என்று கேட்டுவிடுகிறோம். −8இல்தான் குளிர் அதிகம்; பிள்ளை சொன்னது சரி. அந்த ‘அதிகம்’ அப்படியே எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இந்தப் பாடம் முடியும்வரை “எது அதிகச் சூடு?” என்று மட்டும் கேளுங்கள். வெப்பமானியைப் படுக்கையாக வரையாமல் நிற்கவைத்து வரையுங்கள். மேலே இருப்பது பெரியது, கீழே இருப்பது சின்னது. −8க்கு −3 மேலே இருக்கிறது; அவ்வளவுதான்.

படத்தைவிட நேரில் காட்டுவது நல்லது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது, அதன் அளவு 35 டிகிரியை ஒட்டித்தான் தொடங்கும். ஆய்வகத்தில் −10 முதல் 110 வரை அளவிட்ட வெப்பமானி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு அதை வைத்தால், இறங்கி 0 பக்கத்தில் நிற்கும். பிறகு ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கலக்குங்கள். திரவம் 0ஐத் தாண்டி இன்னும் கீழே இறங்கும். “சைபருக்குக் கீழே என்ன இருக்கும்?” என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகவே சேருங்கள். நிறையப் போட்டால் −10க்கும் கீழே போய் அளவு தெரியாது. அந்தக் கலவையைப் பிள்ளைகள் கையால் அளைய வேண்டாம்.

லிஃப்டின் வேலை வேறு. அது நகர்வைக் கற்றுத்தரும். லிஃப்ட் இல்லாவிட்டால் பள்ளிச் சுவரில் சாக்பீஸால் ஏழு கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, கீழிருந்து −2, −1, 0, 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். 0 தான் தரைத்தளம். கடைகளிலும் மருத்துவமனைகளிலும் B1, B2 என்று பார்த்த பிள்ளைகள் இருந்தால், அவைதான் இந்த −1, −2 என்று சொல்லுங்கள். தீப்பெட்டி ஒன்று போதும், அதுதான் லிஃப்ட்.

இங்கே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எண்ணுக்கு இரண்டு வேலை உண்டு. ‘−2ஆம் தளம்’ என்பது இடம். ‘2 தளம் இறங்கு’ என்பது நகர்வு. இரண்டையும் −2 என்றே எழுதுவதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். இடத்தைக் கட்டம் போட்டும், நகர்வை அம்புக்குறி போட்டும் முதல் இரண்டு நாள் எழுதவையுங்கள். கட்டத்தோடு அம்பைக் கூட்டினால் வேறொரு கட்டம் கிடைக்கும்: −2இல் நின்று 5 ஏறினால் 3. மூன்றாம் தளத்தையும் −2ஆம் தளத்தையும் கூட்டச் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. அப்படிக் கணக்குக் கொடுக்காதீர்கள்.

இப்போது கழித்தல். ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்தைக் கழித்தால் அம்பு கிடைக்கும். 3 − (−2) என்றால் “−2இலிருந்து 3க்குப் போக என்ன அம்பு வேண்டும்?” என்று வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து ஏற வேண்டும், ஆகவே +5. இதையே புரட்டினால் (−2) − 3, அதாவது 3இலிருந்து −2க்கு. ஐந்து இறங்க வேண்டும், −5. “மைனஸ் மைனஸ் பிளஸ்” என்ற மந்திரம் தேவைப்படாது.

தவறான விடைகளைக் கவனியுங்கள், அவை காரணத்தைச் சொல்லிவிடும். 6 என்றால் நின்ற தளத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். தளத்தை எண்ணாமல் தாவலை எண்ணச் சொல்லுங்கள். 4 என்றால் தரைத்தளத்தைத் தவிர்த்துவிட்டார்கள். 1 என்றால் குறியையே பார்க்காமல் 3இல் 2 போய்விட்டது.

இது கைவந்ததும் வெப்பநிலைக்குத் திரும்புங்கள். ஃப்ரிட்ஜின் உள்ளே 4 டிகிரி, ஃப்ரீஸரில் −18 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4 − (−18). −18இலிருந்து 0 வரை 18, அங்கிருந்து 4 வரை 4, மொத்தம் 22. பூஜ்ஜியத்தில் நின்று இரண்டு தாவலாகப் போகும் இந்த வழியைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள். அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

பெருக்கலுக்கு மட்டும் லிஃப்டை முழுதாக நம்ப வேண்டாம். இரண்டு முறை 3 தளம் இறங்கினால் 2 × (−3) = −6 என்று காட்டலாம். (−2) × (−3)க்கு லிஃப்டில் இயல்பான கதை இல்லை. அதற்கு 2 × (−3), 1 × (−3), 0 × (−3) என்று வரிசையாக எழுதி, விடை −6, −3, 0 என ஒவ்வொரு முறையும் 3 கூடுவதைப் பார்க்கவிட்டு, அடுத்த இரண்டு வரியை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.