தமிழ் மீமுக்கு வசனத்தை ஏஐ எழுதித் தராது, நீங்கள்தான் படத்தின்மேல் வைக்க வேண்டும்

கேள்வி: மலையகத்துப் பையன்கள் சேர்ந்து ஒரு மீம் பக்கம் நடத்துகிறோம். படம் வரைந்து தரும் ஏஐ செயலியிடம் தமிழ் வசனத்தோடு கேட்டால் எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வருகிறது. என்ன எழுதிக் கேட்டால் சரியாக வரும்?

எப்படி எழுதிக் கேட்டாலும் நம்பி இருக்க முடியாது. படத்தை மட்டும் அதனிடம் வாங்குங்கள், இல்லாவிட்டால் நீங்களே போனில் எடுங்கள். வசனத்தை, படத்தின்மேல் எழுத்து வைக்கும் செயலி ஒன்றில் தட்டச்சு செய்யுங்கள். ஹட்டன் பக்கம் பல வருஷமாக டிசைன் வேலை செய்கிறேன். தமிழ் எழுத்து விஷயத்தில் இதைவிட உறுதியான வழியை நான் பார்க்கவில்லை.

காரணம் எளிமையானது. தட்டச்சு செய்யும்போது போனுக்குள் இருப்பது உண்மையான எழுத்து. எழுத்துருவில் அதற்கு ஒரு வடிவம் இருக்கிறது, அதை எடுத்து அப்படியே வைக்கிறது. படம் வரையும் ஏஐக்கு எழுத்து என்று ஒன்று கிடையாது. அது பார்த்துப் பழகிய கோடுகளையும் வளைவுகளையும் வைத்து எழுத்து மாதிரி ஒன்றை வரைகிறது. பழகியதில் பெரும்பகுதி ஆங்கிலப் பலகைகளும் ஆங்கிலச் சுவரொட்டிகளும். அதனால் சின்ன ஆங்கில வசனத்தை இப்போது ஓரளவு ஒழுங்காகப் போடுகிறது. தமிழில் புள்ளி காணாமல் போகும், ழ இருக்கிற இடத்தில் ல வரும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும். 'ஹட்டனில் மழை' என்று கேட்டு 'ஹட்டனில் மலை' என்று வந்தால் மீமே செத்துவிடும். சரி, அந்த ஒரு எழுத்தை மட்டும் திருத்து என்று கேட்டால் பெரும்பாலும் படத்தையும் சேர்த்து வரைந்துவிடும். எழுத்து சரியானால் ஆளின் முகம் மாறியிருக்கும், முகம் சரியானால் வேறொரு எழுத்து கெட்டிருக்கும். எழுத்து தனி அடுக்கில் இருந்தால் இந்தச் சிக்கலே வராது. தப்பு என்றால் அழித்துவிட்டுத் திரும்ப அடிப்பீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் எழுத்து வைக்கும் செயலிகள் எல்லாமே தமிழைச் சரியாகக் காட்டும் என்று நினைக்காதீர்கள். புதிய செயலி ஒன்றை இறக்கியதும் முதலில் 'கொட்டகலை' என்று அடித்துப் பாருங்கள். தமிழில் கெட்டுப்போகக் கூடியவை பெரும்பாலும் இந்த ஒரு ஊர்ப் பெயரில் இருக்கின்றன. 'கொ'வில் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். 'ட்' மேல் புள்ளி நடுவில் உட்கார வேண்டும். 'லை'யில் இணைக்கொம்பு 'ல'வுக்கு முன்னால் வர வேண்டும், ஆனால் கணினியில் அது 'ல'வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது செயலியின் வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரியாத செயலியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டத்தோடு தனியாக நிற்கும். அப்படி வந்தால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் அதே கதி என்றால் செயலியையே மாற்றிவிடுங்கள்.

கணினியில் பழைய போட்டோஷாப் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே வியாதி வரும். அங்கே Preferences பகுதியில் Type என்பதற்குள் எழுத்தை அடுக்கும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. அதில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னும் பழைய பதிப்புகளில் அதன் பெயர் Middle Eastern and South Asian. காசு கொடுக்காமல் கிடைக்கும் கிம்ப் தமிழை எந்த அமைப்பும் மாற்றாமலே ஒழுங்காகக் காட்டும்.

இலங்கையில் இன்னொரு தனிச் சிக்கல் உண்டு, பாமினி. நம்முடைய அச்சகங்களிலும் ஸ்டூடியோக்களிலும் இன்றைக்கும் அழகான தடித்த தமிழ் எழுத்துருக்கள் பல பாமினி முறையில்தான் இருக்கின்றன. யாராவது அதை உங்களுக்கு அனுப்பி, நீங்களும் போனில் ஏற்றி, வழக்கமான விசைப்பலகையில் தமிழ் அடித்தால் எழுத்து மாறவே மாறாது. போனின் சாதாரண எழுத்தே வரும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். கோப்பு பழுது என்று நினைப்பீர்கள். பழுது இல்லை. பாமினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம், நீங்கள் அடிப்பது யூனிகோட். அச்சகத்திலிருந்து வந்த வசனத்தை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் 'தமிழ்' இருந்த இடத்தில் `jkpo;` என்று தெரிந்தால் அது பாமினி. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

மீமுக்கு நான் எடுப்பது நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர். இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். நோட்டோவை இறக்கினால் பொட்டலத்துக்குள் ஒரு பெரிய கோப்பும் static என்ற உறையும் இருக்கும். அந்தப் பெரிய கோப்பில் மெல்லிசிலிருந்து தடிமன் வரை எல்லாம் ஒன்றாக அடங்கியிருக்கிறது. போன் செயலிகள் பல அதிலிருந்து தடித்த வடிவத்தை எடுக்கத் தெரியாமல் சாதாரணத் தடிமனையே காட்டும். அதனால் உறையைத் திறந்து `NotoSansTamil-Bold.ttf` என்ற கோப்பை மட்டும் எடுங்கள். பிக்சல்லேப் போன்ற செயலியில் சொந்த எழுத்துரு சேர்க்கும் இடம் இருக்கிறது, அங்கே ஏற்றிக்கொள்ளலாம்.

இனி ஒரு மீமைச் செய்தே காட்டுகிறேன். ஆடி மாசத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை விடாமல் அடிக்கும். அதே நேரம் மலைக்கு அந்தப் பக்கம் பதுளையில் காய்ந்துகிடக்கும். இரண்டு படம் போதும். மேலே லயத்து வாசலில் பனிமூட்டத்துக்குள் கொடியில் தொங்கும் ஈரத்துணி, கீழே வெடித்துக்கிடக்கும் செம்மண் தரை. வசனம் இது:

ஆடி மாசம் ஹட்டன்ல
துவைச்ச துணி காயலப்பா

ஆடி மாசம் பதுளைல
துவைக்கத் தண்ணி இல்லப்பா

வெற்றுப் பலகையின் அளவை 1080க்கு 1350 பிக்சல் என்று வையுங்கள். அதைச் சரிபாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் 675 உயரம். ஒவ்வொரு பாதியிலும் மேலே 200 உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை, மிச்சம் 475இல் படம். பட்டையில் முதல் வரியை 48 அளவிலும் இரண்டாவதை 68 அளவிலும் கறுப்பில் வையுங்கள். இரண்டாவது வரி பெரிதாக இருக்க வேண்டும், சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டும் வசதியைத் தொடாதீர்கள். சில செயலிகள் கொம்பையும் காலையும்கூடத் தனி எழுத்தாக எண்ணிப் பிரித்துவிடும்.

வரிக்கு வரி இடைவெளி எழுத்தின் அளவைப்போல் கிட்டத்தட்ட 1.4 மடங்கு இருக்கட்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மேலேயும் கீழேயும் நீட்டாது, அதனால் நெருக்கமாக அடுக்கலாம். தமிழில் 'து', 'மூ' மாதிரி எழுத்துகளின் வால் கீழே இறங்கும், அடுத்த வரியின் புள்ளியும் 'ணி'யின் கொக்கியும் மேலே ஏறும். நெருக்கினால் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியைத் தொட்டு இரண்டும் படிக்க முடியாமல் போகும். வசனம் நீண்டால் எழுத்தைச் சுருக்குவதைவிட வசனத்தைச் சுருக்குங்கள். செயலி தானாக வரி உடைக்க விடாமல், எங்கே மூச்சு விடுவீர்களோ அங்கே நீங்களே உடையுங்கள்.

பட்டை வேண்டாம், படத்தின் மேலேயே வெள்ளை எழுத்து, சுற்றிக் கறுப்புக்கோடு என்ற பழைய மீம் பாணிதான் வேண்டும் என்றால் கோட்டின் தடிமனில் கவனம் தேவை. அந்தப் பாணிக்குப் பேர்போன இம்பேக்ட் எழுத்துருவில் தமிழே கிடையாது. அதில் பார்த்த தடிமனைத் தமிழுக்கு அப்படியே வைத்தால் 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழி அடைத்துக்கொள்ளும். புள்ளிக்குள் இருக்கும் வெள்ளையையும் கோடு தின்றுவிடும், 'ப்' பார்க்கிறவனுக்கு 'ப' ஆகிவிடும். 70 அளவு எழுத்துக்கு 4 அல்லது 5 பிக்சல் கோடு போதும். மேலே சொன்ன வசனத்தில் 'தண்ணி' என்ற சொல்லை மட்டும் பெரிதாக்காமல் பாருங்கள். 'ண்' மேல் புள்ளி தனியாகத் தெரிந்து, 'ணி'யின் சுழிகளுக்குள் இருக்கும் இடைவெளி கறுப்பால் அடைபடாமல் இருந்தால் கோடு சரி. எங்கள் ஊர்ப் பனிப் படங்களுக்கு நான் பட்டையையே போடுவேன். வெள்ளைப் பனிமேல் வெள்ளை எழுத்து என்றால் முழுப் பாரமும் கோட்டின்மேல் விழுகிறது.

படம் ஏஐயிடம்தான் வாங்குவீர்கள் என்றால் 'எழுத்து எதுவும் வேண்டாம், மேல்பகுதி வெறுமையாக இருக்கட்டும்' என்று சேர்த்துக் கேளுங்கள். அப்படியும் பஸ்ஸோ கடையோ வந்தால் பெயர்ப்பலகையைப் பாருங்கள். நம்முடைய பலகைகள் மும்மொழியில் இருக்கும், அது மூன்றையும் கிறுக்கி வைத்திருக்கும். அந்த இடத்தை வெட்டிவிடுங்கள், அல்லது உங்கள் பட்டையை அதன்மேல் வையுங்கள். சொந்தப் படத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதோடு லயம் லயமாகவே இருக்கும், ஏதோ ஒரு தேசத்துக் குடிசையாக இருக்காது. ஆனால் கொழுந்து பறிக்கிற அக்காக்களின் முகம் தெரியும் படத்தை, அவர்களிடம் கேட்காமல் மீமாக்காதீர்கள். சுற்றுலா வருகிறவர்கள் எடுத்துப் போட்ட படம் இணையத்தில் கிடக்கிறது என்பதற்காக அந்த முகத்தின்மேல் வசனம் வைக்க நமக்கு உரிமை வந்துவிடாது. கொடியும் துணியும் பனியும் இருந்தாலே இந்த மீம் வேலை செய்யும்.

முடித்ததும் பிஎன்ஜியாகச் சேமித்து, முதலில் உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அது படத்தைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது புள்ளியும் மெல்லிய கோடுகளும்தான். படத்தைத் திறக்காமல், உரையாடலில் தெரிகிற அளவிலேயே படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் எழுத்தை ஒரு படி பெரிதாக்குங்கள். சிவப்புமேல் நீலம் போன்ற நிறச் சேர்க்கை இந்தச் சுருக்கலில் கலங்கிப்போகும், கறுப்பும் வெள்ளையும் தாங்கும். பக்கத்தை நடத்தும் மற்றப் பையன்களுக்கு அனுப்பும்போது ஆவணமாக அனுப்பினால் சுருங்காமல் போகும். வசனம் வைக்காத படத்தையும் எழுத்து அடுக்கோடு உள்ள திட்டக் கோப்பையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் பதுளைப் பக்கம் மழை தொடங்கும்போது, வசனத்தை மட்டும் மாற்றி அதே மீமை இன்னொரு தடவை போடலாம்.