கனமான மறிகளை வைத்தும் குட்டிகள் ஏன் கனக்கவில்லை?

“மூதூரில் ஆடு வளர்க்கிறேன். ஒரு வயதில் மறிகளின் சராசரி 18 கிலோ. சராசரி 22 கிலோ வருகிற மறிகளை மட்டும் இனப்பெருக்கத்துக்கு வைத்தேன். எடை வித்தியாசத்தில் பரம்பரையாகக் கடத்தப்படும் பங்கான h² 0.3 என்றால் குட்டிகள் 1.2 கிலோ கூட வேண்டும். கூடவில்லையே?”

கிடாய் எங்கிருந்து வந்தது? R = h²S இல் R என்பது குட்டிகளில் கூடும் எடை; S என்பது தாய், தகப்பன் இருபக்கமும் தத்தம் கூட்டச் சராசரியைவிடக் கொண்ட மேலதிகத்தின் சராசரி. மேய்ச்சலில் சேர்ந்தது சாதாரண ஊர்க் கிடாய் என்றால் S = (4 + 0)/2 = 2, அப்போது R வெறும் 0.6 கிலோ. அதை ஒரு வறட்சியே விழுங்கிவிடும். ஆகவே போன வருடக் குட்டிகளோடு ஒப்பிடாதீர்கள். அதே பருவத்தில், அதே கிடாய்க்குச் சாதாரண மறிகள் போட்ட குட்டிகளோடு நிறுத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து குட்டியில் இந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்தமுறை கிடாயைத் தெரிவுசெய்யுங்கள். அதை மறிகளோடு அல்ல, ஒத்த வயதுக் கிடாய்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். 6 கிலோ கூடிய கிடாய் கிடைத்தால் S 5, R 1.5.